மங்கிய வெளிச்சத்தில் ஓர் அரங்கு: செக்ஷன் தாளுக்காக மூன்று முறை அலைந்த கதை

அரங்கின் உட்புறத்தைக் கணினியில் படமாக்கித் தரும்படி யாராவது கேட்டால், கட்டடத்தை நெடுக்கே வெட்டியதுபோல உயரங்களைக் காட்டும் செக்ஷன் வரைபடம் கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள். மேலிருந்து பார்த்த அமைப்பைக் காட்டும் பிளான் தாள் மட்டும் போதும் என்று நம்பி நான் ஒப்புக்கொண்டேன். பத்து நாளில் முடிய வேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது.

குளச்சலுக்கு அருகே ஒரு பள்ளி. கலையரங்கத்தின் சுவரும் கூரையும் எழும்பிவிட்டன. இருக்கைப் படிகளுக்கு இன்னும் கான்கிரீட் போடவில்லை. சுவருக்கு எந்தப் பலகை, இருக்கைக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய, நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. விளக்குகள் மங்கி, மேடை மட்டும் ஒளிர வேண்டும். புகைப்படம்போலவே இருக்க வேண்டும். நான் மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவன். சுவர், கூரை, மேடை, 14 வரிசை இருக்கை எல்லாம் நான்கு நாளில் முடிந்தன.

படிகளின் உயரம் பிளானில் இல்லை. எல்லாப் படிக்கும் 15 சென்டிமீட்டர் என்று நானே வைத்துக்கொண்டேன். கேமராவைக் கடைசி வரிசைக்குப் பின்னால், நிற்பவரின் கண் உயரத்தில் வைத்துப் படம் எடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மட்டும், "கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடையில் ஆடும் பிள்ளையின் கால் தெரியுமா, தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு கேமராவை 1.2 மீட்டருக்கு இறக்கினேன். உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். காலியாக இருந்த இருக்கைகளில் மனித உருவங்களையும் உட்கார வைத்தேன். மேடையின் முன்விளிம்பு முழுவதும் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

காரணத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். மேடை 90 சென்டிமீட்டர் உயரம். முதல் வரிசையில் இருப்பவரின் கண் மேடை விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. வரிசைக்கு வரிசை இடைவெளி 90 சென்டிமீட்டர். மேடை விளிம்பிலிருந்து ஒருவர் கண்ணுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அது முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு மேல் 12 சென்டிமீட்டராவது உயர்ந்து போக வேண்டும். இருக்கைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக விலக்கிப் போட்டு, முன்னிருப்பவர்களின் தோள்களுக்கு இடையே பார்க்க வைத்தால் 6 போதும். நான் வைத்த படிகளில் இரண்டாம் வரிசைக்கு ஏறத்தாழ 6.7 கிடைத்தது. பத்தாம் வரிசையில் அது 2.7 ஆகக் குறைந்து, பதினான்காம் வரிசையில் வெறும் 2 ஆனது. பின்னால் போகப் போகப் பார்வைக் கோடு படுத்துக்கொண்டே போவதால், ஒரே உயரமுள்ள படிகள் கடைசி வரிசையைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சற்று உயர்ந்தாக வேண்டும். ஆகவே உண்மையான உயரங்கள் எனக்கு வேண்டும். அவை செக்ஷன் தாளில்தான் இருக்கும்.

தாள் நாகர்கோவிலில் உள்ள பொறியாளர் அலுவலகத்தில் இருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு நேரில் வரச் சொன்னார்கள். தக்கலை வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால், பள்ளியின் முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் எதையும் தர முடியாது என்றார் அங்கிருந்த எழுத்தர். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்கு நாள் கழித்துக் கடிதத்தோடு போனேன். தாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை கிடைத்தது, பெரிய தாளை ஏ4 அளவுக்குச் சுருக்கி எடுத்த நகல். படிகளுக்கு அருகே எழுதியிருந்த எண்கள் எல்லாம் கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன. மூலத்தை ஒரு நிமிடம் காட்டுங்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அதற்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படிச் சுருங்கிய நகல் கிடைத்தால், தாளின் மூலையில் 1:100 என்று எழுதியிருப்பதை நம்பி அளக்காதீர்கள். நகல் சுருங்கியதுமே அந்த விகிதம் செல்லாது. நமக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் அளவைத் தாளில் அளந்து, அதிலிருந்து மற்றவற்றைக் கணக்கிட வேண்டும். நான் மேடையின் 90 சென்டிமீட்டரை வைத்து அளந்தேன். படிகள் வளர்ந்துகொண்டே போவது தெரிந்தது. ஆனால் அந்தத் தாளில் ஒரு பென்சில் கோட்டின் தடிப்பே சில சென்டிமீட்டர் பிசகைத் தந்தது.

விடை கட்டடத்திலேயே இருந்தது. மறுநாள் நேரே அங்கே போனேன். விசாரித்ததும் கொத்தனார் அண்ணாச்சி பக்கச் சுவரைக் காட்டினார். மட்டம் பார்த்து, 14 வரிசைக்கும் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் உயரத்தை எழுதி வைத்திருந்தார். முதல் படி 14 சென்டிமீட்டர். கடைசிப் படி 21.5. கடைசி வரிசையின் தரைமட்டம் 2.40 மீட்டர், என் படத்தில் அது 1.95 ஆக இருந்தது. பார்வைக் கோட்டுக்கு 6 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக இந்த எண்களே வருகின்றன. இருக்கைகள் விலகி அமைய வேண்டும் என்பதும் அதிலிருந்து தெரிந்துவிட்டது. மூன்று பஸ் பயணத்தில் கிடைக்காதது பத்து நிமிடத்தில் கிடைத்தது. அவருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

படிகள் சரியானதும் வெளிச்சம் பொய் சொல்வது கண்ணில் பட்டது. இருக்கைகளுக்கு அடியில்கூட நிழல் இல்லாமல், எங்கும் ஒரு சாம்பல் நிறம் பரவியிருந்தது. முழு அரங்கும் தெரிய வேண்டும் என்று பின்சுவரை நீக்கிவிட்டுக் கேமராவை வெளியே வைத்திருந்தேன். அந்தத் திறப்பு வழியாக, மென்பொருள் வெளியே வானம்போல எங்கும் பரப்பும் World வெளிச்சம் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. சுவரை மூடி, World அளவைப் பூஜ்யமாக்கி, கேமராவை உள்ளே கொண்டுவந்தேன். முழு அரங்கும் ஒரே படத்தில் அடங்கவில்லை. உள்ளே நிற்பவர் கண்ணிலும் அது அடங்காது.

அடுத்து விளக்குகள். மேடை விளக்கின் பெட்டியில் இருக்கும் வாட் எண்ணை அப்படியே பிளெண்டரில் எழுதக் கூடாது. பெட்டியில் இருப்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். பிளெண்டரின் வாட் வெளிவரும் ஒளியின் அளவு. 800 லூமன் தரும் சாதாரண எல்.இ.டி. பல்புக்குப் பிளெண்டரில் சுமார் 2 வாட் போதும். அதோடு, Spot விளக்கின் கூம்பைக் குறுக்கினால் நிஜ விளக்குப்போல ஒளி குவியாது, ஓரம் வெட்டுப்படும், அவ்வளவுதான். அதனால் வாட்டை விட்டுவிட்டு விகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். வேறொரு மண்டபத்தில் ஒத்திகை நடந்தபோது, அனுமதி கேட்டு நிஜக் கேமராவோடு போனேன். மேடையில் இருப்பவரின் முகத்துக்குச் சரியாக வைத்த அமைப்பில் இருக்கைகள் ஏறக்குறைய கறுப்பாக விழுந்தன. அவை சரியாகத் தெரிய 4 ஸ்டாப் கூட்ட வேண்டியிருந்தது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. 4 என்றால் 16 மடங்கு. என் முதல் படத்தில் அந்த வித்தியாசம் மூன்று மடங்குகூட இல்லை. கண்ணுக்கு அது பொம்மை அரங்காகத் தோன்றியதன் காரணம் அதுதான்.

16 மடங்கு வைத்ததும் மேடை முகங்கள் வெள்ளைத் திட்டுகளாக வெந்துபோயின. பழைய கோப்பு ஒன்றிலிருந்து தொடங்கியிருந்ததால் கணக்கிட்ட ஒளியைத் திரை நிறமாக மாற்றும் View Transform என்ற இடத்தில் Standard இருந்தது. மிகுந்த ஒளியை மெல்ல அடக்கிக் காட்டும் AgX என்று மாற்றியதும் முகங்கள் திரும்பி வந்தன. படிவிளக்குகளையும் கதவுக்கு மேல் பச்சை நிற ‘வெளியேறும் வழி’ பலகையையும் சேர்த்தேன். எவ்வளவு இருட்டிலும் அவை எரிந்துகொண்டிருக்கும். அவை இல்லாத இருட்டரங்கைக் கண் நம்பாது.

சுவர்ப் பலகையில் இரண்டு தவறுகள் செய்திருந்தேன். பக்கச் சுவர்கள் முழுவதும் கோடு வெட்டிய மரப்பலகை பதித்து, பின்சுவரை வெறும் பூச்சோடு விட்டு, நடுவில் பள்ளியின் சின்னத்தைப் பெரிதாக வைத்திருந்தேன். மேடை விளிம்பிலிருந்து பின்சுவர் 17 மீட்டர். அங்கே மோதித் திரும்பும் பேச்சு, முதல் வரிசைக்கு நேரே வரும் பேச்சைவிட 26 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 0.05 வினாடிக்கு மேல், அதாவது 17 மீட்டருக்கு மேல் பின்தங்கி வந்தால் அது தனி எதிரொலியாகக் காதில் விழத் தொடங்கும். ஆகவே ஒலியை விழுங்கும் பலகை முதலில் வேண்டியது பின்சுவருக்குத்தான். மேடையை ஒட்டிய பக்கச் சுவர்கள் குரலைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட வேண்டியவை. அவை கெட்டியாகவே இருக்கட்டும். படத்தை மாற்றினேன். பின்சுவருக்குத் துணி போர்த்திய பலகை வேண்டாம், துளையிட்ட மரப்பலகை போதும் என்று பள்ளியில் சொன்னேன். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், கடலோரத்தில், பூட்டிக் கிடக்கும் மண்டபத்தின் துணி பூசணம் பிடிக்கும்.

இரண்டாவது தவறு வரையும் முறையில். பலகையின் கோடு 3 மில்லிமீட்டர் அகலம். 1920 புள்ளி அகலமுள்ள படத்தில், 24 மில்லிமீட்டர் லென்ஸில், 10 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளியே சுமார் 8 மில்லிமீட்டரை விழுங்குகிறது. அங்கே கோடுகள் சிற்றலைபோல நெளிந்தன. இருட்டுப் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி, அருகில் இருந்த கோடுகளையும் மெழுகிவிட்டது. தூரத்துப் பலகைகளுக்குக் கோடுகளை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் கொஞ்சம் கறுக்க வைத்தேன். அருகிலிருந்தவற்றுக்கு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் மாதிரி எண்ணிக்கையைக் கூட்டி, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டேன்.

கடைசி அடி அச்சுக் கடையில் விழுந்தது. இருட்டறையில் திரையைப் பார்த்துச் சரிசெய்த படத்தைப் பெரிய ஃபிளெக்ஸில் அடித்தால், இருக்கைகள் எல்லாம் ஒரே கறுப்புப் பாளமாகிவிட்டன. பணமும் ஒரு நாளும் போயின. மங்கிய படத்தை ஒருபோதும் நேரே பெரிதாக அடிக்காதீர்கள். நிழல் பகுதியை மட்டும் மூன்று அளவில் வெளுக்க வைத்து, ஏ4 தாளில் பக்கம் பக்கமாக அடித்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு நடுவில் இருந்தது பொருந்தியது. இம்முறை ஃபிளெக்ஸை விட்டுவிட்டு, பளபளப்பு இல்லாத தாளில் அடித்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் அந்த ஆசிரியர் மற்றப் படங்களை ஒதுக்கிவிட்டு, கடைசி வரிசையிலிருந்து எடுத்ததைக் கையில் எடுத்துச் சன்னலருகே கொண்டுபோனார். இரண்டு தலைகளுக்கு நடுவே, மேடை விளிம்பில் நின்ற சிறுமியின் பாதம் தெரிந்தது. "இதை அந்தக் கொத்தனாரிடமும் காட்டுங்கள்" என்றார். காட்டினேன்.