ஐந்தாவது முட்டையின் விலை

பெங்களூரில் எங்களிடம் களப்பயிற்சிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பறவைக் கூட்டைப் பார்த்ததும் முட்டைகளைத்தான் முதலில் எண்ணுவார்கள். நிறைய முட்டையிட்டால் நிறைய வாரிசு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தாயும் தந்தையும் ஒரு நாளில் கொண்டுவரக்கூடிய புழுக்களுக்கு ஓர் அளவு உண்டு. வாய்கள் கூடக்கூட ஒவ்வொரு குஞ்சின் பங்கும் குறையும்.

பயிற்சிக்காக நாங்கள் வைத்துக்கொள்ளும் எண்களைப் பாருங்கள். எந்தப் பறவையிலும் அளந்தவை அல்ல. ஒரு முட்டை அடுத்த ஆண்டு கூடு கட்டும் பறவையாகும் வாய்ப்பு, மூன்று முட்டைக் கூட்டில் 0.28, நான்கில் 0.24, ஐந்தில் 0.20, ஆறில் 0.16. பெருக்கினால் வாரிசுகள் 0.84, 0.96, 1.00, 0.96. ஐந்துதான் ஜெயிக்கிறது. 1947-இல் பிரிட்டிஷ் பறவையியலாளர் டேவிட் லாக் முன்வைத்த கருத்து இதுதான்: அதிக குஞ்சுகளைப் பிழைக்க வைக்கும் முட்டை எண்ணிக்கையே நிலைக்கும்.

ஆனால் இதில் தாயின் உயிர் சேரவில்லை. அவள் அடுத்த ஆண்டு வரை பிழைக்கும் வாய்ப்பை முறையே 0.55, 0.52, 0.46, 0.38 என்று வைப்போம். தாயை மட்டும் எண்ணுவதால் குஞ்சுகளிலும் பெண்களை மட்டுமே, அதாவது பாதியை, எடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் வருவதே தகுதி, அதாவது அடுத்த ஆண்டுக்கு மிஞ்சும் பெண்பறவைகளின் எண்ணிக்கை.

```
தகுதி = (முட்டை × பிழைப்பு) / 2 + தாயின் பிழைப்பு
3:  0.42 + 0.55 = 0.97
4:  0.48 + 0.52 = 1.00
5:  0.50 + 0.46 = 0.96
6:  0.48 + 0.38 = 0.86
```

ஐந்தாவது முட்டை தருவது 0.02 மகள், எடுப்பது தாயின் பிழைப்பில் 0.06. பாதியாக்க மறந்தால் நான்குக்கு 1.48, ஐந்துக்கு 1.46 என்று வரும். விடை மாறவில்லைதான், ஆனால் தாயின் இழப்பு சிறுத்துப்போய் 0.04 இடைவெளி 0.02 ஆகிவிடுகிறது. நிஜத் தரவில் இது முடிவையே புரட்டிவிடலாம்.

களத்தில் அதிகம் நடக்கும் தவறு, குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்ததையே பிழைப்பாக எழுதுவது. பெரிய கூட்டிலிருந்தும் எல்லாக் குஞ்சுகளும் பறந்துவிடலாம். துணிப்பையில் போட்டு சுருள்வில் தராசில் தொங்கவிட்டால்தான் எடைக்குறைவு தெரியும். எடை குறைந்தவை பறந்தபின் சில வாரங்களில் அதிகம் சாகின்றன. அதனால் கால்வளையம் போட்டு அடுத்த ஆண்டு தேடுவதே சரி. இதற்கெல்லாம் வனத்துறை அனுமதி முதலில் வேண்டும்.

இயற்கையான கூடுகளை ஒப்பிடுவதும் ஏமாற்றும். நல்ல இடம் பிடித்த, கொழுத்த தாயே அதிகம் இடுவாள். அவளுக்கு ஆறும் பிழைக்கும். ஒரே நாளில் பொரித்த கூடுகளுக்கிடையே குஞ்சுகளை மாற்றி வைத்தால் இந்தச் சிக்கல் நீங்கும். அப்போதும் முட்டையிட்டு அடைகாத்த செலவு அந்தச் சோதனையில் விடுபட்டுப்போகும்.

ஆக்ஸ்போர்டு அருகே வைதம் காட்டுப் பட்டாணிக்குருவிகளில் பாய்ஸ், பெரின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் காட்டியது: சராசரி சுமார் 8.5 முட்டை, அதிக வாரிசு தருவதோ 12. பஞ்ச ஆண்டில் பெரிய கூடுகளே அதிகம் அடிபடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆண்டுகளின் தகுதியைக் கூட்டி வகுக்காமல், பெருக்கி மூலம் எடுத்தால் இது கணக்கில் தெரியும்: ஓர் ஆண்டு 1.6, மறு ஆண்டு 0.4 என்றால் கூட்டி வகுத்த சராசரி 1.0, பெருக்கி வர்க்கமூலம் எடுத்த சராசரி 0.8.