தவறிப்போகும் 2:30, இரண்டு முறை வரும் 1:30: கடிகாரம் மாறும் இரவில் கிரான் ஜாப்

லினக்ஸ் சர்வர் நிர்வாகத் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ படிப்பவர்கள் கிரான் வரியின் ஐந்து இடங்களையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். `30 2 * * *` என்றால் தினமும் அதிகாலை 2:30 என்று யோசிக்காமலே சொல்வார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: நியூயார்க் நேரத்தில் வைக்கப்பட்ட சர்வரில், இந்த ஜாப் 2025ஆம் ஆண்டில் எத்தனை முறை ஓடும்? எந்த ஷெட்யூலர் என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓட்டும் சாதாரண ஷெட்யூலரில் 364. டெபியனின் கிரானில் 365. ஜாப் 2:30க்குப் பதில் 1:30இல் இருந்தால் சாதாரண ஷெட்யூலரில் 366.

காரணம் கோடைக்கால நேரம்: அங்கே கடிகாரத்தை வசந்தத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, இலையுதிர் காலத்தில் திரும்பப் பின்னே வைக்கிறார்கள். முதலில் அந்த இரண்டு இரவுகளில் நடப்பதைத் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். 2025 மார்ச் 9 அன்று நியூயார்க்கில் 1:59:59க்கு அடுத்த நொடி 3:00:00. அன்றைக்கு 2:00 முதல் 2:59 வரை என்று ஒரு நேரமே கிடையாது. நவம்பர் 2 அன்று 1:59:59க்கு அடுத்த நொடி மீண்டும் 1:00:00. அதாவது 1:00 முதல் 1:59 வரை இரண்டு தடவை வரும். முதல் 1:30 யுடிசிப்படி 05:30, இரண்டாவது 1:30 யுடிசிப்படி 06:30. யுடிசி எந்த இடத்திலும் குதிப்பதில்லை, பின்வாங்குவதும் இல்லை. அதை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும் விதிதான் மாறுகிறது.

நிமிடத்துக்கு ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இப்போது 2:30ஆ?" என்று ஒப்பிடும் நிரலுக்கு மார்ச்சில் அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதில் கிடைக்கவே கிடைக்காது. நவம்பரில் 1:30ஆ என்று கேட்டால் இரண்டு முறை ஆம் வரும். பிழை என்று எதுவும் லாகில் பதிவாகாது, ஏனென்றால் நிரலைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை.

இங்கே பலரும் சறுக்குவது ஒரு இடத்தில். நியூயார்க்கில் தவறும் மணி வேறு, இரட்டிக்கும் மணி வேறு. அதனால் 2:30 ஜாப் மார்ச்சில் தவறும், நவம்பரில் ஒழுங்காக ஒருமுறைதான் ஓடும். ஜெர்மனியில் அப்படியில்லை. 2025 மார்ச் 30 அன்று 2:00 நேராக 3:00 ஆனது, அக்டோபர் 26 அன்று 3:00 திரும்ப 2:00 ஆனது. இரண்டிலும் அடிபடுவது 2 மணிதான். அங்கே அதே 2:30 ஜாப் வசந்தத்தில் தவறும், இலையுதிர் காலத்தில் இரண்டு முறை ஓடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இரண்டு மாற்றங்களையும் யுடிசி 01:00 என்ற ஒரே கணத்தில் செய்கின்றன. அமெரிக்காவில் ஒவ்வொரு மண்டலமும் தன் உள்ளூர் 2 மணிக்குச் செய்கிறது. வித்தியாசம் அதிலிருந்து வருவதுதான். ஆகவே "2 மணியைத் தவிர்த்தால் போதும்" என்று மனப்பாடம் செய்தால் லண்டனில் 1 மணி ஜாப் அடிவாங்கும். பெய்ரூட்டில் வசந்த மாற்றம் நள்ளிரவிலேயே நடப்பதால், 0:00 என்று போட்ட ஜாப்புக்கும் பாதுகாப்பில்லை.

ஒரு மண்டலத்தின் மாற்ற நேரத்தை ஊகிக்காமல் சர்வரிடமே கேட்டுவிடலாம்:

```
zdump -v America/New_York | grep 2025
TZ=America/New_York date -d '2025-03-09 02:30'
```

முதல் கட்டளை ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நொடியையும் அடுத்த நொடியையும் யுடிசியோடு சேர்த்துக் காட்டும். இரண்டாவது, `invalid date` என்று மறுத்துவிடும். அந்த நேரம் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இனி டெபியன் கிரான் 365 என்று எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பார்க்கலாம். அதன் கையேட்டில் விதி எழுதப்பட்டிருக்கிறது. கடிகாரம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக முன்னே போனால், தவறிய இடைவெளியில் இருந்த ஜாப்கள் மாற்றம் முடிந்ததும் ஓட்டப்படும். பின்னே போனால், திரும்ப வரும் நேரத்தில் அவை மறுபடி ஓட்டப்படுவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் மாறினால் அது கடிகாரத் திருத்தம் என்று எடுத்துக்கொண்டு புதிய நேரத்தை உடனே பின்பற்றும். இது போதும் என்று பலரும் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அங்கேயே இருக்கும் இன்னொரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. இந்தச் சலுகை குறிப்பிட்ட நேரத்து ஜாப்களுக்கு மட்டும்தான். மணி இடத்திலோ நிமிட இடத்திலோ நட்சத்திரக்குறி இருந்தால், அல்லது `@hourly` என்று எழுதியிருந்தால், சலுகை இல்லை.

இந்த வேறுபாடு வரியைப் பார்த்தால் சட்டென்று தெரியாது. `0 */2 * * *` என்பதிலும் நட்சத்திரக்குறி இருக்கிறது. மார்ச் 9 அன்று அது 0:00க்கு ஓடும், 2:00 வராது, அடுத்து 4:00க்கு ஓடும். நிஜத்தில் மூன்று மணி நேர இடைவெளி. `*/10 2 * * *` இன்னும் மோசம்: 2:00 முதல் 2:50 வரை ஆறு முறை ஓட வேண்டியது அன்று ஒருமுறைகூட ஓடாது. மாறாக `*/15 * * * *` பற்றிக் கவலைப்பட வேண்டாம். 25 மணி நேர நாளில் 100 முறையும் 23 மணி நேர நாளில் 92 முறையும் ஓடும், நாம் விரும்புவதும் அதையேதான்.

சலுகை கிடைக்கும் ஜாப்பிலும் ஒரு பொறி உண்டு. 2:30க்குப் பேக்கப், 3:00க்குப் பழைய கோப்புகளை அழிக்கும் வேலை என்று வைத்திருந்தால், மார்ச் மாற்றத்தன்று பேக்கப் 3:00ஐ ஒட்டித் தொடங்கும். அழிப்பும் அதே நேரத்தில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் இருக்கும் என்று நம்பித்தான் இரண்டு தனி வரிகளாக எழுதியிருப்பார்கள். ஒன்று முடிந்தபின் மற்றொன்று வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் வரிசையாக வைப்பதுதான் சரி. நேர இடைவெளி வரிசைக்கு உத்தரவாதம் தராது.

மற்ற ஷெட்யூலர்களும் இதே விதியைப் பின்பற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். கோ மொழியில் பரவலாகப் பயன்படும் `robfig/cron` நூலகம், குதிக்கும் இடைவெளியில் விழும் ஜாப் ஓடாது என்று தன் ஆவணத்திலேயே எச்சரிக்கிறது. குபெர்னெட்டிஸின் கிரான்ஜாப் ஆவணம் இன்னும் வெளிப்படை: சில சூழல்களில் ஒரே வேளைக்கு இரண்டு ஜாப் உருவாகலாம், ஒன்றுமே உருவாகாமலும் போகலாம், ஜாப்பை அதைத் தாங்கும்படி எழுதுங்கள் என்கிறது.

தடுக்கும் வழிகளில் முதலாவது, அட்டவணையை யுடிசியில் வைப்பது. சர்வரின் மண்டலத்தையே மாற்றலாம்: `timedatectl set-timezone UTC` கொடுத்து, கிரானை மறுதொடக்கம் செய்யுங்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிரான் பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம். பழைய வரிகளின் மணியையும் திருத்த மறக்கக்கூடாது, இல்லையென்றால் 2:30 இப்போது வேறொரு 2:30. சர்வர் மண்டலத்தைத் தொட முடியாவிட்டால் சிஸ்டம்டி டைமரில் மண்டலத்தை வரியிலேயே எழுதலாம்:

```
[Timer]
OnCalendar=*-*-* 07:30:00 UTC
Persistent=true
```

இது நியூயார்க்கில் குளிர்காலத்தில் 2:30க்கும் கோடையில் 3:30க்கும் ஓடும். அந்த ஒரு மணி நேர நகர்வு பேக்கப்புக்கு உறுத்தாது. `Persistent=true` என்பது வேறு கதை: டைமர் செயல்படாதபோது, உதாரணமாக இயந்திரம் அணைந்திருந்தபோது, தவறிய வேளையைப் பின்னர் ஓட்டுவதற்கானது. `systemd-analyze calendar --iterations=5 '*-*-* 07:30:00 UTC'` என்று கொடுத்தால் அடுத்த ஐந்து வேளைகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

கடை திறப்பதற்குள், அலுவலகம் தொடங்குவதற்குள் என்று உள்ளூர் நேரத்தோடு கட்டுண்ட வேலைகளும் உண்டு. அவற்றை யுடிசிக்கு மாற்றினால் ஆண்டில் பல மாதங்கள் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அவற்றை உள்ளூர் நேரத்திலேயே விட்டு, மாற்றம் நடக்கும் மணிகளுக்கு வெளியே, 4:30 போல, நகர்த்துங்கள்.

இரண்டாவது தடுப்பு ஜாப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். இரட்டை ஓட்டத்துக்கு மருந்தாக `flock` என்று எழுதுவது பரிட்சைத் தாள்களில் அடிக்கடி வரும் பதில். அது ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகள் ஓடுவதைத்தான் தடுக்கும். முதல் 1:30க்குத் தொடங்கிய ஜாப் 10 நிமிடத்தில் முடிந்து பூட்டை விட்டுவிடும். ஒரு மணி நேரம் கழித்து வரும் இரண்டாவது 1:30 பூட்டு காலியாக இருப்பதைப் பார்த்துத் தாராளமாக ஓடும். குபெர்னெட்டிஸில் `concurrencyPolicy: Forbid` என்பதற்கும் இதே எல்லைதான். வேண்டியது பூட்டு அல்ல, "இந்த நாளுக்கான வேலை முடிந்தது" என்ற நிலையான பதிவு. ஜாப்பின் பெயரும் வேளையின் சாவியும் சேர்ந்து முதன்மைச் சாவியாகத் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணை வையுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில்:

```sql
insert into job_run (job_name, run_key)
values ('daily_invoice', '2025-11-02')
on conflict do nothing;
```

ஒரு வரி சேர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பூஜ்யம் வரி என்றால் ஏற்கெனவே நடந்துவிட்டது, வெளியேறிவிடலாம். இந்தப் பதிவும் வேலையின் மாற்றங்களும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருக்கட்டும். நடுவில் தோற்றால் பதிவும் சேர்ந்து ரத்தாகி, மறுமுயற்சிக்கு வழி இருக்கும். தினசரி ஜாப்புக்கு உள்ளூர்த் தேதி நல்ல சாவி. மணிக்கு ஒருமுறை ஓடும் ஜாப்புக்கு உள்ளூர் மணியைச் சாவியாக வைத்தால் காரியம் கெட்டுவிடும்: இரண்டாவது 1 மணிக்கான நியாயமான ஓட்டமும் "முடிந்துவிட்டது" என்று தடுக்கப்படும். அங்கே யுடிசி மணியைத்தான் சாவியாக்க வேண்டும்.

ஜாப் சரியாக ஒருமுறை ஓடியும் தரவு தவறுவதும் உண்டு. தினமும் உள்ளூர் 0:30க்கு ஓடி, "இப்போதிலிருந்து 24 மணி நேரம் முன்பு வரை" உள்ள ஆர்டர்களை எடுக்கும் ஜாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 3 அன்று 0:30 என்பது யுடிசி 05:30. அதில் 24 மணி நேரம் கழித்தால் நவம்பர் 2இன் முதல் 1:30 வரும். முந்தைய ஓட்டம் 0:30 வரைதான் எடுத்திருந்தது. நடுவே 0:30 முதல் 1:30 வரை வந்த ஆர்டர்கள் யார் கணக்கிலும் இல்லை. மார்ச்சில் நேரெதிர்: ஒரு மணி நேர ஆர்டர்கள் இரண்டு நாள் கணக்கிலும் வந்துவிடும். கடைசியாக எடுத்து முடித்த நேரத்தை யுடிசியில் சேமித்து, அடுத்த ஓட்டத்தை அங்கிருந்து தொடங்கினால் 23, 25 மணி நேர நாட்கள் தாமாகச் சரியாகிவிடும்.

மாற்றம் நடந்த மறுநாள் காலை லாகைச் சரிபார்க்கும்போது உள்ளூர் நேரத்தில் பார்க்காதீர்கள். 01:30 என்று இரண்டு வரிகள் இருந்தால், ஜாப் இரண்டு முறை ஓடியதா, லாக் ஒன்றையே இருமுறை எழுதியதா என்று சொல்ல முடியாது.

```
journalctl -u cron --utc --since '2025-11-02 05:00:00 UTC'
```

ரெட்ஹாட் வகை அமைப்புகளில் `cron` என்பது `crond`. ஜாப் தொடங்கும்போது `date +%s` மதிப்பையும் எழுதினால் சந்தேகமே வராது. 1762061400, 1762065000 என்று இரண்டு எண்கள் கிடைத்தால், வித்தியாசம் சரியாக 3600. அது இரட்டை ஓட்டம்தான்.