மகளின் வளர்ச்சிக் கோடு சாய்ந்தபோது

என் மகளுக்கு 5 வயது நிறைந்தபோது உயரம் 108 செ.மீ., 7 வயதில் 114 செ.மீ. வகுப்பில் அவளைவிடக் குள்ளமான பிள்ளைகள் இருந்ததால், ஆசிரியர்களுக்கோ ஊரிலிருந்து வந்துபோன உறவினர்களுக்கோ இதில் எதுவும் உறுத்தவில்லை. டெல்லி மயூர் விஹாரில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவர்தான், அவளுடைய பழைய அளவுகளை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வரைபடத்தில் வரிசையாகக் குறித்துப் பார்த்துவிட்டு, இதை விசாரிக்காமல் விடக்கூடாது என்றார்.

அந்தத் தாளில் 3, 10, 25, 50, 75, 90, 97 என்று ஏழு கோடுகள் மேல்நோக்கி வளைந்து செல்கின்றன. 25-வது பர்சன்டைல் என்றால், அதே வயதுள்ள நூறு பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 25 பேர் அந்த உயரத்துக்குக் கீழே இருப்பார்கள் என்று பொருள்; இது பள்ளி மதிப்பெண் போன்றதல்ல, 25 என்பதில் குறை எதுவும் இல்லை. பெற்றோர் இருவரும் உயரம் குறைந்தவர்களாக இருந்து, பிள்ளை 3-வது கோட்டை ஒட்டியே ஆண்டுதோறும் சீராக ஏறிவந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. என் மகளோ 50-வது கோட்டில் தொடங்கி, 25-வது கோட்டைக் கடந்து கீழே இறங்கியிருந்தாள். முதல் இரண்டு வயதுக்குள் குழந்தைகள் தங்கள் பரம்பரைக்கு ஏற்ற கோட்டைத் தேடி மேலும் கீழும் நகர்வது இயல்புதான். அதன் பிறகு, பருவ வயது வரும்வரை, கோடு தாண்டுவதற்குக் காரணம் தேட வேண்டும் என்று அவர் விளக்கினார்.

முதலில் அளவு சரிதானா என்று பார்த்தார். உச்சியில் போட்டிருந்த கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, வெறுங்காலுடன் குதிகால், பிட்டம், பின்மண்டை மூன்றும் பலகையில் படும்படி நிறுத்தி, காதுத் துளையும் கண்ணின் கீழ் எலும்பும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு தலையைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை அளந்தார். 5 வயதுக்குள் உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வரைபடமும் அதற்கு மேல் இந்திய வரைபடமும் பயன்படுத்தப்படுவதால், தாள் மாறும்போதே புள்ளி சற்று இடம் மாறித் தெரியலாம். ஆனால் இந்தச் சரிவு முழுவதும் ஒரே தாளிலேயே இருந்தது.

அடுத்து எங்கள் உயரத்தைக் கேட்டார். என் கணவர் 172, நான் 158. இரண்டையும் கூட்டி, பெண் குழந்தை என்பதால் 13-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால், அவள் வளர்ந்தபின் எட்டக்கூடிய உயரம் தோராயமாக 158.5 செ.மீ. அந்தத் தாளின் 18 வயது முனையில் அது 50-வது கோட்டுக்கு அருகில் விழுந்தது. ஆக, இந்தச் சரிவைப் பரம்பரையால் விளக்க முடியவில்லை. இந்த வயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டியவள் 3 செ.மீ.தான் வளர்ந்திருந்தாள்.

எடைக் கோட்டைப் பார்த்தபோது விஷயம் மேலும் தெளிவானது. இரண்டு ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோதான் கூடியிருந்தது, அதுவும் உயரத்துக்கு முன்பே தட்டையாகத் தொடங்கியிருந்தது. தைராய்டு குறைபாட்டிலும் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டிலும் பொதுவாக உயரம் நிற்கும், எடை அந்த அளவுக்குக் குறையாது. எடை முதலில் நின்று உயரம் பின்தொடர்ந்தால், உண்பது போதவில்லையா, உடலில் சேரவில்லையா என்று பார்ப்பார்களாம். இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் தேறாத இரத்தசோகை அவளுக்கு இருந்ததையும் இதனுடன் சேர்த்துப் பார்த்து, செலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை எழுதினார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் உட்பரப்பு சிதையும் நோய் அது. வயிற்றுப்போக்கே இல்லாமல், வளர்ச்சி குன்றுவது மட்டுமே அதன் அடையாளமாக இருக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். பரிசோதனை முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் முடிவு பொய்யாகிவிடும் என்று அழுத்திச் சொன்னார். கூடவே தைராய்டும், எலும்புகள் எந்த வயதுக்குரிய அளவுக்கு முதிர்ந்துள்ளன என்பதைக் காட்டும் எலும்பு வயதை அறிய இடது கையின் எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டன. பெண் குழந்தை காரணமின்றிக் குள்ளமாக இருந்தால் பெண்களுக்கு வரும் குரோமோசோம் கோளாறான டர்னர் குறைபாட்டுக்காகக் குரோமோசோம் பரிசோதனையும் தேவைப்படும். எங்களுக்கு அதற்கு முன்பே விடை கிடைத்தது. செலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்புப்பொருளின் அளவு இரத்தத்தில் மிக அதிகமாக வந்தது, எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசு அதை உறுதிசெய்தது.

டெல்லியில் வாழ்ந்தாலும் எங்கள் வீட்டில் இட்லி, தோசை, சோறுதான் பிரதானம் என்பதால் உணவை மாற்றுவது எளிது என்று எண்ணியிருந்தோம். ரவையும் சேமியாவும் போனதில் வியப்பில்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்பதை டப்பாவின் பின்புறத்தைப் படித்த பிறகே தெரிந்துகொண்டோம். தினமும் சாம்பாரில் விழும் அந்தச் சிட்டிகையும் இந்நோயில் கூடாது.

உணவு மாறி ஓர் ஆண்டு ஆனபோது எடை முதலில் ஏறியது, பிறகு உயரம் 122 செ.மீ.யைத் தொட்டது, புள்ளி மீண்டும் 25-வது கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. எதிர்ப்புப்பொருள் அளவு குறைகிறதா என்று இரத்தப் பரிசோதனை தொடர்கிறது. உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் குறிக்கிறார்கள், ஏனெனில் அதற்குள் அளந்தால் உண்மையான வளர்ச்சியும் அளவுப் பிழையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.