49 எடுத்தவள் அரியர், 47 எடுத்தவன் பாஸ்: இன்டர்னல் ஷீட் போடுகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. என் வகுப்பில் இன்டர்னல் 13, எக்ஸ்டர்னல் 34, மொத்தம் 47 எடுத்த காசிமேட்டுப் பையன் பாஸ். பக்கத்து செக்‌ஷனில் இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 27, மொத்தம் 49 எடுத்த பெண்ணுக்கு அரியர். 25–75 முறையில் பாடம் எடுப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேர்வுக்கு முன்னால் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதில் "பாஸாகத் தேவை: 18" என்று இருந்தது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் காமர்ஸ் எடுக்கும் கெஸ்ட் லெக்சரர் நான். இந்த செமஸ்டர் ஆரம்பத்திலேயே கூகுள் ஷீட்ஸில் மார்க் ஷீட் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் "எக்ஸ்டர்னலில் உனக்கு இவ்வளவு வேண்டும்" என்று தனித்தனியாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காலேஜ் முடிந்ததும் சௌகார்பேட்டை கடைக்கோ பார்சல் ஆபீசுக்கோ வேலைக்குப் போகிறவர்கள். "நல்லா படிங்க" என்றால் தலையாட்டுவார்கள், "உனக்கு 45 வேணும்" என்றால் நின்று கேட்பார்கள்.

முதலில் 18 கதை. ஷீட் போட்டவர் தேவையை 40-லிருந்து இன்டர்னலைக் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார். 40 கழித்தல் 22, பதினெட்டு. கணக்கு சரி, விதி தவறு. எக்ஸ்டர்னலில் தனியாக 75-க்கு 30 எடுத்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகுதான் மொத்தம் 40 என்ற பேச்சே வரும். ஆகவே ஃபார்முலா இப்படித்தான் இருக்க வேண்டும்:

```
=MAX(30, 40-K4)
```

K4 என்பது அந்த மாணவரின் இன்டர்னல். இதை வகுப்பு முழுக்க இழுத்து விட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: இன்டர்னல் 10 அல்லது அதற்கு மேல் இருக்கும் எல்லோருக்கும் விடை 30-தான். 10 வாங்கியவனுக்கும் 30, 25 வாங்கியவளுக்கும் 30. பாஸாவதற்கு 10-க்கு மேல் இருக்கும் இன்டர்னல் ஒரு மார்க்கைக்கூட மிச்சப்படுத்தித் தராது. இதை நான் போர்டில் எழுதிய அன்று முதல் பெஞ்சில் ஒரு முகம் சுருங்கியது. "அப்போ நான் 23 எடுத்தது வேஸ்ட்டா மிஸ்?" வேஸ்ட் இல்லைம்மா, அது கிளாஸுக்கு உதவும். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 60 வேண்டும், 23 கையில் இருந்தால் எக்ஸ்டர்னலில் 37 போதும், 10 இருந்தால் 50 வேண்டும். அங்கேதான் இன்டர்னலுக்கு மதிப்பு.

அதனால் என் ஷீட்டில் "தேவை" என்று ஒரே ஒரு பத்தி கிடையாது, இரண்டு பத்திகள். ஒன்று பாஸுக்கு, ஒன்று 60-க்கு. இரண்டாவதில் MAX தேவையில்லை, ஏனென்றால் இன்டர்னல் முழு 25 இருந்தாலும் 60-க்கு 35 வேண்டும், அது எப்படியும் 30-க்கு மேல். 90-க்கு என்று மூன்றாவது பத்தி போட ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டர்னல் 15-க்குக் கீழே இருந்தால் விடை 75-ஐத் தாண்டிவிடும், அங்கே எண்ணைக் காட்டாமல் "முடியாது" என்று வரும்படி செய்யுங்கள். நான் அந்தப் பத்தியே போடவில்லை. கேட்டு வந்த இரண்டு மூன்று பேருக்கு வாயால் சொன்னேன்.

இனி இன்டர்னல் பக்கம். எங்கள் பிரிப்பு: டெஸ்ட் 10, அசைன்மென்ட் 5, செமினார் 5, அட்டெண்டன்ஸ் 5. உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் வேறாக இருக்கும், அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே பெரிய வில்லன் ஆப்சென்ட். நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்று நினைக்கும் விஷயம் இதுதான், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டெஸ்டுக்கு வராதவருக்கு நாம் எல்லோரும் AB என்று டைப் செய்கிறோம். பிறகு AVERAGE போடுகிறோம். AVERAGE எழுத்தைக் கண்டால் அந்தக் கட்டத்தையே விட்டுவிடும். அதாவது வராமல் போன டெஸ்ட் நடக்கவே இல்லாததுபோல ஆகிவிடும்.

அந்தக் காசிமேட்டுப் பையனையே எடுத்துக்கொள்வோம். செமினாருக்கு முன்னால் அவன் வரிசை இப்படி இருந்தது:

முதல் டெஸ்ட் 50-க்கு 36
இரண்டாவது டெஸ்ட் AB
அசைன்மென்ட் 5-க்கு 3
அட்டெண்டன்ஸ் 5-க்கு 3
செமினார் காலி

AVERAGE போட்டால் டெஸ்ட் சராசரி 36, பத்துக்கு 7.2. மொத்தம் 13.2. உண்மையில் AB-க்கு பூஜ்யம், ஆக சராசரி 18, பத்துக்கு 3.6. மொத்தம் 9.6. செமினாரில் முழு 5 வாங்கினால் ஷீட் அவனிடம் "60-க்கு 42 போதும்" என்று சொல்லியிருக்கும், உண்மையில் வேண்டியது 45. மூன்று மார்க் பொய்.

சரி, அப்படியென்றால் எல்லாக் காலிக் கட்டத்துக்கும் பூஜ்யம் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. இரண்டாவது டெஸ்டே நடக்காத நேரத்தில் ஷீட்டைத் திறந்தால் வகுப்பு முழுக்கப் பாதியாக விழுந்து கிடக்கும், பிள்ளைகள் பதறிப் போவார்கள். வராமல் போனது வேறு, இன்னும் நடக்காதது வேறு. இரண்டையும் பிரிக்க நான் வைத்திருப்பது:

```
=SUM(B4:C4)/(COUNTA(B4:C4)*50)*10
```

SUM எழுத்தை எண்ணாது, ஆகவே AB-யால் கூட்டுத்தொகை ஏறாது. COUNTA எழுத்தையும் எண்ணும், ஆகவே AB வகுக்கும் பக்கத்தில் ஒரு டெஸ்டாகவே நிற்கும். காலிக் கட்டத்தை இரண்டுமே விட்டுவிடும். அவ்வளவுதான் வித்தை. ஒரு ஆபத்து உண்டு: கட்டத்தில் யாராவது ஸ்பேஸ் பாரைத் தட்டியிருந்தால் கண்ணுக்குக் காலி, COUNTA-வுக்கு ஒரு டெஸ்ட். யாருக்காவது டெஸ்ட் மார்க் திடீரென்று பாதியாகத் தெரிந்தால் முதலில் காலியாகத் தெரியும் டெஸ்ட் கட்டத்தில் டெலீட் அழுத்திப் பாருங்கள். அப்புறம், மருத்துவ விடுப்பில் போனவருக்கு AB போடாதீர்கள், மறு டெஸ்ட் வைக்கும்வரை காலியாகவே விடுங்கள்.

செமினார் இன்னும் முடியவில்லை என்றால் ஒரே எண் சொல்லவே முடியாது. எங்களுக்கு மழையில் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்று பாதி வகுப்பு வராததால் செமினார் தள்ளிப்போனது, ஆனால் பிள்ளைகள் "எவ்வளவு வேணும் மிஸ்" என்று கேட்பதை நிறுத்தவில்லை. அதனால் இன்டர்னலையே இரண்டாக வைத்தேன். செமினாரில் ஒன்றுமே வராவிட்டால் எவ்வளவு, முழுசாக வந்தால் எவ்வளவு:

```
=ROUND(H4+I4+N(F4)+G4, 0)
=ROUND(H4+I4+IF(F4="",5,N(F4))+G4, 0)
```

H டெஸ்ட், I அசைன்மென்ட், F செமினார், G அட்டெண்டன்ஸ். N என்பது AB-யைப் பூஜ்யமாக்கும், அது இல்லாவிட்டால் ஷீட் பிழை காட்டும். அந்தப் பையனுக்கு வந்தது 10, 15. ஆகவே அவனுக்கு நான் கொடுத்த சீட்டில் எழுதியது: "பாஸுக்கு 30. ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 45 முதல் 50 வரை, செமினாரைப் பொறுத்து." அதைப் பார்த்துவிட்டு அவன் ஃபர்ஸ்ட் கிளாஸை விட்டுவிட்டான், 30-ஐ மட்டும் பிடித்துக்கொண்டான். எனக்கு வருத்தம்தான், ஆனால் அது அவன் கணக்கு.

ரவுண்டிங் பற்றி ஒரு வரி. கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும். டெஸ்ட் 6.4, அசைன்மென்ட் 3.4, செமினார் 3.4, அட்டெண்டன்ஸ் 4 உள்ளவருக்கு மொத்தம் 17.2, அதாவது 17. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரவுண்ட் செய்தால் 6, 3, 3, 4, மொத்தம் 16. ஒரு மார்க் காற்றில் போகும்.

எண்ணைக் கொடுப்பதில் நான் செய்தவை:

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஷீட் லிங்க் போடவில்லை. ஒருவர் மார்க் இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம். சின்னச் சீட்டில் அச்சடித்து கையில் கொடுத்தேன்.

சதவீதம் எழுதவில்லை. 75-க்கு எவ்வளவு என்பது மட்டும்.

45 என்று விடாமல் அதைத் தாளில் பிரித்துக் காட்டினேன். எங்கள் தாளில் அ பகுதி 20, ஆ பகுதி 25, இ பகுதி 30. இ பகுதியில் மூன்று பத்து மார்க் கேள்வி. நேரம் போதாமல் மூன்றாவதை விடுகிறவர்கள்தான் எங்கள் வகுப்பில் அதிகம், அவர்களிடம் "இரண்டை உருப்படியாக எழுதினால் 16, ஆ பகுதியில் 16, அ பகுதியில் 13, கூட்டினால் 45" என்று எழுதிக் காட்டினேன். ஒருவன் உடனே கேட்டான், "மிஸ், மூணாவதுல சும்மா நாலு வரி எழுதினா?" எழுதுப்பா, அது போனஸ்.

ஷீட்டை நம்பாத சக ஆசிரியர்களும் இருப்பார்கள். "பசங்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவுன்னு சொன்னா அதோட நின்னுடுவாங்க" என்றார் ஒருவர். சிலர் நின்றார்கள்தான். ஆனால் 30 என்ற எண்ணைச் சொல்லாமலே விட்டிருந்தால் அவர்கள் 18-ல் நின்றிருப்பார்கள், அந்த எண் வராண்டாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது.

அரியர் விழுந்தவர்களுக்கும் இதே ஷீட்டைத் திறங்கள். எங்களிடம் இன்டர்னல் அப்படியே நிற்கும், எக்ஸ்டர்னலை மட்டும் மறுபடி எழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இப்போதும் இன்டர்னல் 22, தேவை 30, ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 38. நேற்று அவளே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கேட்டாள், சீட்டு போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த செமஸ்டருக்கு ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பிராக்டிகல் பேப்பருக்குப் பிரிப்பு வேறு, குறைந்தபட்சமும் வேறு. 30, 40 என்ற எண்களை ஃபார்முலாவுக்குள் புதைத்து வைத்தால் ஒவ்வொரு பேப்பருக்கும் எல்லா வரிசையையும் தோண்ட வேண்டும். அதனால் ஷீட்டின் மேலே இரண்டு கட்டங்கள், ஒன்றில் எக்ஸ்டர்னல் குறைந்தபட்சம், இன்னொன்றில் மொத்தக் குறைந்தபட்சம்:

```
=MAX($M$1, $M$2-K4)
```

டாலர் குறியை விட்டுவிட்டு இழுத்தால் இரண்டாவது மாணவரிலிருந்தே எண் மாறும். இழுத்து முடித்ததும் கடைசி மாணவரின் கட்டத்தைத் தொட்டு, ஃபார்முலாவில் M1, M2 இரண்டும் டாலரோடு அப்படியே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சீட்டு அச்சடியுங்கள்.