கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பம்பில் வரவில்லை

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

காவிரிக் கரையோர மணற்பாங்கான நிலம். உறை இறக்கிய வீட்டுக் கிணறு, அதன் மேல் பழைய வார்ப்பிரும்பு அடிபம்பு. இது உறிஞ்சும் வகை. சிலிண்டர் மேலே தலையிலேயே இருக்கிறது, கீழே போவது வெறும் பைப்புதான். தெருவில் நிற்கும் இந்தியா மார்க் II வேறு ஜாதி. அதில் சிலிண்டர் நீருக்குள் மூழ்கியிருப்பதால் பைப்பு காற்றை உறிஞ்சும் தொல்லை கிடையாது.

நீர்மட்டம் பம்பின் அடிப்பலகையிலிருந்து 4.8 மீட்டர் கீழே. உறிஞ்சும் பம்பு கணக்குப்படி 10.3 மீட்டர் வரை இழுக்கலாம், நடைமுறையில் 7 மீட்டரோடு நின்றுவிடும். ஆகவே நீர்மட்டத்தின் மேல் பழி போட முடியாது. நீர் எட்டாத ஆழத்துக்கு இறங்கியிருந்தாலோ பைப்பு அடைத்திருந்தாலோ கைப்பிடி கனக்கும், விட்டவுடன் தானாக மேலே எகிறும். இங்கே கைப்பிடி பஞ்சாக இருக்கிறது. இழுத்த நீர் எங்கோ நழுவுகிறது, அல்லது நீருக்குப் பதில் காற்று வருகிறது.

வீட்டுப் பெரியம்மா சொன்னது: “வேகமா அடிச்சா வருது, மெதுவா அடிச்சா ஒண்ணும் வரல.” இதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

ஏப்ரல் 7, திங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் அளவு எடுத்தோம். சிலிண்டர் உள்விட்டம் 9 செ.மீ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 20 செ.மீ. ஒரு முறை அடித்தால் 1.27 லிட்டர் வர வேண்டும். 15 லிட்டர் வாளிக்கு 12 முறை போதும்.

நிமிடத்துக்கு 40 முறை என்ற வேகத்தில் அடித்தபோது வாளி நிறைய 30 முறை பிடித்தது. நிமிடத்துக்கு 30 ஆகக் குறைத்தால் 48 முறை. 20க்கு இறக்கினால் மூக்கு நனைந்ததோடு சரி.

வேகத்தை மாற்றி அளப்பது ஏன் என்றால், கைப்பிடியையும் பிஸ்டனையும் இணைக்கும் ராடு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு நஷ்டம். வேகமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் அதே வாளிக்கு அதே எண்ணிக்கைதான் வரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள தோல் வாஷரின் ஓரமாக நீர் நழுவுவதும் பைப்பில் காற்று நுழைவதும் நேரத்தைப் பொறுத்தவை. மெதுவாக இழுக்க இழுக்க நழுவ அதிக நேரம் கிடைக்கிறது. இங்கே வேகத்தோடு எண்ணிக்கை இவ்வளவு மாறுவதால் கசிவு உறுதி. வாஷரா, பைப்பா என்பதை மட்டும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

அதற்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். மூக்கில் வரும் நீரைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்தோம். பால் கலந்தது போல வெளுத்திருந்தது. பிறகு டம்ளரின் அடிப்பக்கம் முதலில் தெளிந்தது, தெளிவு மெல்ல மேலே ஏறியது. வண்டலாக இருந்தால் மேல்பக்கம் முதலில் தெளியும். அடியிலிருந்து தெளிந்தால் அது நுண்ணிய காற்றுக் குமிழ். ஆகக் காற்று நுழைகிறது. அதனால் வாஷர் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதலில் ராடு. அதைச் சரிசெய்ய எதையும் வாங்கக் காத்திருக்க வேண்டாம், தவிர ராடு ஆடிக்கொண்டிருந்தால் புது வாஷரும் ஒருபக்கமாகத் தேயும்.

ராடு மூடித் துளைக்குள் நுழையும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கைப்பிடியை மெதுவாக அசைத்தால், கைப்பிடி நகர்கிறது, கோடு நகரவில்லை. அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதன் பிறகே ராடு கிளம்புகிறது. கைப்பிடி ஊன்றியிருக்கும் போல்ட், ராடு தலை போல்ட் இரண்டிலும் சேர்ந்து 2 செ.மீ ஓட்டம் வீணாகிறது. தலையைத் திறந்து பார்த்ததில் ராடின் கீழ்முனையில் செக் நட் கழன்று, பிஸ்டன் மரையிலேயே 1 செ.மீ மேலும் கீழும் ஆடியது. மொத்தம் 3 செ.மீ. 20க்கு 17 செ.மீ மட்டுமே வேலை செய்கிறது.

துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்ததற்குக் காரணம் போல்ட்டிலேயே இருக்கிறது. யாரோ முழு நீளமும் மரை வெட்டிய போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். மரையின் விளிம்பு அரம் மாதிரி வார்ப்பிரும்பை ராவித் தள்ளும். துளைக்குள் இருக்கும் பகுதி வழவழப்பாக, மரை இல்லாமல் இருக்க வேண்டும். மரை துளைக்கு வெளியே, நட் ஏறும் இடத்தில் மட்டும். அப்படிப்பட்ட போல்ட் இரண்டு வாங்கி, தேய்ந்த துளைகளை லேத் பட்டறையில் வட்டமாகக் கடைந்து கன்மெட்டல் புஷ் அடித்துப் போட்டாயிற்று. செக் நட்டை இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்க வேண்டும். ஒன்று பிஸ்டனைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒன்றே ஒன்றால் திருப்பினால் பிஸ்டனும் கூடவே சுற்றும், இறுகிவிட்டதென்று தோன்றும், இறுகியிருக்காது.

பழைய வாஷரையே மாட்டி மறுபடி அளந்தோம். நிமிடத்துக்கு 40 வேகத்தில் வாளிக்கு 22.

ஏப்ரல் 9, புதன்

கழற்றிய தோல் வாஷர் கிண்ண வடிவம். நிற்க வேண்டிய உதடு ஒருபக்கம் காகிதமாக மெலிந்து உள்ளே மடங்கியிருந்தது. சுற்றிலும் செங்குத்தாகக் கீறல். கீறல் மணலின் வேலை, ஒருபக்கத் தேய்மானம் ஆடிய ராடின் வேலை. தோல் தேயாமல் வெறுமனே காய்ந்து விறைத்திருந்தால் ஊறவைத்தே திருப்பிப் போடலாம். இதை அப்படிக் காப்பாற்ற முடியாது.

புது வாஷர் ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் கிடக்கிறது. சுடுதண்ணீர் கூடாது, தோல் சுருங்கிக் கெட்டியாகிவிடும். குடிக்கும் நீர் வரும் பம்பு என்பதால் கிரீஸ், எஞ்சின் ஆயில் எதையும் தொடவிடக் கூடாது. மாட்டும்போது தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

ஏப்ரல் 10, வியாழன்

சிலிண்டர் உட்சுவரை விரலால் தடவினால் பிஸ்டன் நிற்கும் மேல் எல்லையில் துரு வளையம் தட்டுப்பட்டது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, கழுவி, துடைத்தோம். இதை விட்டுவிட்டால் புதுத் தோலின் உதட்டை அந்த வளையமே தின்றுவிடும்.

வாஷரின் உதடு மேல்நோக்கி இருக்க வேண்டும். பிஸ்டன் ஏறும்போது மேலே நிற்கும் நீரின் எடை உதட்டை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்டவைக்கும். கவிழ்த்துப் போட்டால் நீர் உதட்டை உள்ளே மடக்கி வழிவிட்டுவிடும். பிஸ்டன் நட்டை வாஷர் கையால் சுழலாத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் தோலின் அடிப்பாகம் நசுங்கி வெளியே பிதுங்கும், பிஸ்டன் சிலிண்டரில் சிக்கும். சரியான இறுக்கத்தில், கையால் அழுத்தினால் பிஸ்டன் தயக்கத்தோடு இறங்கும். விட்டால் நின்ற இடத்தில் நிற்கும்.

பிஸ்டன் நடுவிலுள்ள வால்வின் இருக்கையில் மணல் துகள்கள் இருந்தன, துடைத்தோம்.

வாளிக்கு 16. டம்ளரில் இன்னும் பால் நிறம்.

ஏப்ரல் 12, சனி

வாஷர் மாற்றியதும் கொஞ்சம் கூடுதலாக வருகிறதே என்று பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். உறிஞ்சும் பைப்பில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் வழியாது என்பதே காரணம். அடிக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, ஓட்டை நீரைக் கக்காது, காற்றை இழுக்கும். 4.8 மீட்டர் உயரத்துக்கு இழுக்கும்போது பைப்பின் மேல்பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றில் சுமார் பாதி. உள்ளே போகும் காற்று அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்காக விரியும். ஊசிமுனை ஓட்டையும் அவ்வளவு இடத்தை அடைப்பது அதனால்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது தலையும் அடிப்பலகையும் சேரும் இடம். போல்ட்டுகள் ஏறுக்குமாறாக இறுகினால் நடுவில் இருக்கும் தோல் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சொதசொதவென்று நனைத்த துணியை அங்கே சுற்றி ஒருவர் அடிக்க, மற்றவர் டம்ளரைப் பார்த்தார். பால் நிறம் மாறவில்லை. அங்கே ஓட்டை இருந்தால் காற்றுக்குப் பதில் துணியின் நீர் உள்ளே போய் டம்ளர் தெளிந்திருக்கும்.

அடுத்தது பைப்பு. தலையைக் கழற்றி, பைப்பின் வாயைத் திறந்த நிலையில் விட்டு, விளிம்பு வரை நீர் ஊற்றினோம். வாய் திறந்திருந்தால் நீரின் எடை உள்ளிருந்து வெளியே தள்ளும், உறிஞ்சும் ஓட்டை இப்போது கசியும் ஓட்டையாகும். இன்னொரு நன்மை, நீர்மட்டம் ஓட்டை வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். சாக்பீஸ் தடவிய கம்பியை விட்டுப் பார்த்தோம். 1.2 மீட்டரில் நின்றது, அரைமணி கழித்தும் அங்கேயே. பைப்பின் அடிமுனையில் நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு ஒழுகியிருந்தால் 4.8 வரை போயிருக்கும். ஆக ஃபுட் வால்வு நலம், ஓட்டை 1.2 மீட்டரில்.

டார்ச் அடித்துப் பார்த்தால் சரியாக அங்கேதான் சாக்கெட். மேலே 1.2 மீட்டர் துண்டு, கீழே 6 மீட்டர் முழு நீளம், இரண்டும் சேருமிடம். சாக்கெட்டுக்குக் கீழே ஈரக் கோடு, கோட்டின் ஓரம் துருச் சிவப்பு.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாக்கெட்டைக் கழற்றுவதற்கு முன் கீழ்ப் பைப்பைக் கட்ட வேண்டும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பு 6 மீட்டர் ஏறத்தாழ 22 கிலோ. ஃபுட் வால்வு நன்றாக இருப்பதால் உள்ளே நிற்கும் நீர் இன்னொரு 8 கிலோ. கை நழுவினால் கிணற்றின் அடியில்தான் எடுக்க வேண்டும். கிணற்றின் வாயில் இரண்டு மரக்கட்டை போட்டு, பைப்பைத் தூக்கிக் கிளாம்ப் மாட்டிக் கட்டைமேல் உட்காரவைத்து, கயிற்றாலும் கட்டினோம். உள்ளே யாரும் இறங்கவில்லை. மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும்.

கழற்றியதும் தெரிந்தது: மேல்துண்டின் மரையில் பாதி துருவில் கரைந்து, டேப் சுற்றினாலும் பிடிக்காத நிலை. புதிதாக 1.2 மீட்டர் துண்டு வெட்டி மரை போட்டு, புது சாக்கெட்டில் ஏற்றினோம். கீழ்ப் பைப்பின் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்தோம், அது இன்னும் ஆழமாகவே இருந்தது. டெஃப்ளான் டேப்பை முனையை நேராகப் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் சாக்கெட் ஏறும்போதே டேப் உருவிக்கொண்டு வந்துவிடும். இந்த அளவு பைப்புக்கு மெல்லிய டேப் 12 சுற்றாவது வேண்டும்.

மறுபடி நீர் ஊற்றிச் சோதனை. அரைமணி கழித்தும் நீர் விளிம்பிலேயே.

தலையை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி அடித்தோம். வாளிக்கு 13. டம்ளர் தெளிவு. நிமிடத்துக்கு 20 வேகத்திலும் 14 முறையில் நிறைகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

முன்பெல்லாம் காலையில் சொம்பு நீர் ஊற்றி அடித்தால்தான் பம்பு பிடிக்கும். ராத்திரி சாக்கெட் வழியே காற்று போய் 1.2 மீட்டர் வரை பைப்பு காலியாகும், மேலே தோலும் காய்ந்திருக்கும். இன்று காலை முதல் அடியிலேயே வந்தது.

நீர்மட்டம் 4.9 மீட்டர். ஃபுட் வால்வு 7.2 மீட்டரில் இருக்கிறது. மே மாதம் மட்டம் 6.5ஐத் தாண்டினால் வாளிக்கு எண்ணிக்கை ஏறும், கைப்பிடி கனக்கும். அப்போது வாஷரைக் கழற்ற வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறோம். கைப்பிடி லேசாக இருந்து டம்ளரில் பால் நிறம் வந்தால் மட்டும் மறுபடி 1.2 மீட்டர் சாக்கெட்டிலிருந்து தொடங்கலாம்.