கவர் லெட்டர் நாட்கள்

ஜூன் 9, 2025, திங்கள்

'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்று தொடங்கி மூன்றாவது நாளாக அழித்தேன். காலேஜில் கொடுத்த மாதிரிக் கடிதம் வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி எல்லாரும் அனுப்புவார்கள்.

ஜூன் 10

சித்தப்பா கடைப் பக்கம் போகவில்லை.

ஜூன் 11

வேலை விளம்பரத்தில் பிளே ஸ்டோர் லிங்க் கேட்டிருக்கிறார்கள். புதுத் தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் விடாமல் டெஸ்டராக இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஆப்பை எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். இன்று ஒன்பதாம் நாள். கடைசித் தேதி ஞாயிறு. லிங்க் கிடைக்காது. கிட்ஹப்தான் கதி.

ஜூன் 12

தூக்கம் வரவில்லை. அதைக் கடிதத்தில் எழுதுவதா வேண்டாமா?

சித்தப்பாவின் மளிகைக் கடை பற்றுக் கணக்குக்குச் செய்த ஆப். 'திருப்பித் தர வேண்டிய காலி பாட்டில்' என்று ஒரு புதுக் கட்டம் கேட்டார். டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன், டேட்டாபேஸ் வெர்ஷனை 1-லிருந்து 2 ஆக்கினேன். ஏதோ டுடோரியலில் பார்த்து எப்போதோ போட்டிருந்த `fallbackToDestructiveMigration()` அப்படியே கிடந்தது. பழைய டேபிளைப் புது வடிவத்துக்கு மாற்றும் மைக்ரேஷன் எழுதாவிட்டால், ரூம் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி பழைய டேபிளை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும் என்பதுதான் அந்த வரியின் பொருள். பெயரிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஆப் கிராஷ் ஆகவில்லை. அழகாகத் திறந்து மொத்தம் ₹0 என்று காட்டியது. 19 நாள் கணக்கு போச்சு. அந்த வரி இல்லாமலிருந்தால் ஆப் திறக்கும்போதே கிராஷ் ஆகியிருக்கும், கணக்கு பத்திரமாக இருந்திருக்கும்.

சித்தப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 13

அந்த வரியைத் தூக்கிவிட்டு மைக்ரேஷன் எழுதினேன்.

```sql
ALTER TABLE patru ADD COLUMN bottle INTEGER NOT NULL DEFAULT 0
```

DEFAULT விட்டால் எஸ்கியூலைட் ஏற்காது, பழைய வரிகளில் எதை நிரப்புவது என்று அதற்குத் தெரியாதே. பழைய ஏபிகேயைப் போட்டு பத்துப் பதிவு ஏற்றி, அதன் மேலேயே புதியதை நிறுவிப் பார்த்தேன். பத்தும் இருந்தது. முதல் தடவை காலியான எமுலேட்டரில் மட்டும் சோதித்திருந்தேன். அழிய அங்கே என்ன இருந்தது?

ஜூன் 14

சென்னையில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணன், "தப்பைப் போய் எழுதுவியாடா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எழுது, ஆனா அழாத. என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இப்ப எப்படி செக் பண்றேன்னு மட்டும் சொல்லு" என்றார்.

'கடின உழைப்பாளி', 'வேகமாகக் கற்பவன்' எல்லாம் போயின. ஆப் யாருக்கு, எதற்கு என்று இரண்டு வரி. நடுவில் 19 நாள் கணக்கு. கடைசியில் அந்தத் திருத்தத்துக்கு மட்டும் லிங்க், முழு ரெப்போவுக்கு இல்லை. அரைப் பக்கம் கூட வரவில்லை.

ஜூன் 15

கரண்ட் போவதற்குள் அனுப்பிவிட்டேன். 11:20.

ஜூன் 16

பதில் இல்லை.

ஜூன் 17

சித்தப்பா கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். புது அப்டேட் போட மட்டும் போனைத் தரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் புது நோட்டு.