மாசம் எவ்வளவு மிஞ்சும்?

வெளிநாட்டில் இரண்டு ஊர்களில் வேலை கிடைத்து, எதை எடுப்பது என்று கேட்டால், "எங்க சம்பளம் கூடவோ அங்க போயேன்ப்பா" என்று ஊரிலிருந்து போனில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வேலைக் கடிதத்தில் உள்ள சம்பளத் தொகையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்ததில் வந்த உற்சாகம் அது. அந்தப் பெருக்கலில் வாடகை வராது.

விவரம் தெரிந்தவர்கள் வேறு விதமாக வழுக்குவார்கள். பெரிய ஊரில் வரிபோகச் சம்பளம் 4,200, சின்ன ஊரில் 3,500 என்று வைத்துக்கொள்வோம். விலைவாசிக் குறியீடு பெரிய ஊரில் செலவு 20 சதவீதம் கூட என்கிறது. 4,200-ஐ 1.2-ஆல் வகுத்தால் 3,500. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இங்கேதான் கோளாறு. இப்படி வகுத்தால் முழுச் சம்பளமும் அந்த ஊரிலேயே செலவாகிறது என்று பொருள். வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு இந்த ஊர் வாடகையோடு என்ன உறவு? ஆகவே வகுக்காமல் கழிக்க வேண்டும். பெரிய ஊரில் வாடகை 1,700, ரயில் பாஸ் 150, அன்றாடச் செலவு 900, மிச்சம் 1,450. சின்ன ஊரில் வாடகை 1,000, அன்றாடச் செலவு 850. ஆனால் பேருந்து சரியில்லாத ஊர் என்பதால் கார்த் தவணை, காப்பீடு, பெட்ரோல், பார்க்கிங் என்று 450, மிச்சம் 1,200. வித்தியாசம் 250. வாடகைக்குச் சராசரியை நம்பக் கூடாது. பழைய குடித்தனக்காரர்களின் குறைந்த வாடகையும் அதில் கலந்திருக்கலாம். இன்று காலியாக உள்ள வீடுகளுக்குக் கேட்கும் வாடகையைத்தான் எழுத வேண்டும்.

சரி, அந்த 250 சும்மா வருகிறதா? பெரிய ஊரில் போக 70 நிமிடம், சின்ன ஊரில் 25. போக வர ஒன்றரை மணி நேரம் கூடுதல். 21 வேலை நாளுக்கு முப்பத்தொன்றரை மணி. மணிக்கு 8 கிடைக்கிறது. அலுவலகத்திலோ அதே ஆளின் ஒரு மணிக்கு 25 விலை. ரயிலில் நின்றுகொண்டு மலிவாக ஓவர்டைம் பார்ப்பதுபோலத்தான். ஊரில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிய ஞாபகம் வந்துவிட்டால் 8 இன்னும் சிறுத்துப்போகும்.

ஆனாலும் தனியாள் பெரிய ஊரையே எடுக்கலாம், அனுப்ப வேண்டிய தொகை அவசரமென்றால். "ரெண்டே வருஷம், திரும்பிடுவேன்" என்பவர்கள் ஒரு வரி கூடுதலாக எழுதிப் பார்க்கட்டும்: குடும்பம் வந்தால் வாடகை எவ்வளவு? ஓர் அறை கூடினால் பெரிய ஊரில் 2,500, சின்ன ஊரில் 1,350. மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் மிச்சம் 650, 850 என்று தலைகீழாகிவிடுகிறது. அதற்குள் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் பழகியிருப்பார்கள். சின்ன ஊர் வேலைக்கு வேறு ஆள் சேர்ந்திருப்பார்.